டியோவா, ஆன்டிபெர்ஸ்பிரன்டா: நனைவுக்கு ஒன்று, நாற்றத்துக்கு ஒன்று

கடை அலமாரியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். டப்பா வடிவமும் வாசனையும் ஏறக்குறைய ஒன்றே. கடைக்காரரும் இரண்டையும் "டியோ" என்றே எடுத்துத் தருவார். அதனால்தான் "எத்தனை டியோ மாற்றிப் பார்த்துவிட்டேன், சட்டை நனைவது மட்டும் நிற்கவே இல்லை" என்ற புலம்பலை அடிக்கடி கேட்க நேர்கிறது. நிற்காதது டியோவின் குற்றமில்லை. வியர்வையை நிறுத்தும் வேலை அதற்குக் கொடுக்கப்படவே இல்லை. அந்த வேலைக்கு உரியது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அதையும் காலையில் குளித்த ஈரத்தோடு பூசிக்கொண்டு "இதுவும் உதவாது" என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். ஏன் உதவவில்லை என்பதற்கான விடை அதில் உள்ள அலுமினிய உப்பு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

## முதலில் எதைப் பார்ப்பது

நான்கு கேள்விகள் போதும். உங்கள் தொல்லை நனைவா, நாற்றமா? தோல் எவ்வளவு தாங்கும்? போடும் துணி எது, அதில் கறை பட்டால் பரவாயில்லையா? பூசுவதற்கு எந்த நேரம் வசதி?

முதல் கேள்விக்கு விடை தெரியாதவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். துவைத்த பருத்திப் பனியனை, எதுவும் பூசாமல், நாள் முழுக்கப் போட்டிருங்கள். மாலையில் கழற்றி அக்குள் பகுதியைத் தொட்டுப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தும் வாடை பெரிதாக இல்லையென்றால் உங்கள் தொல்லை நனைவு. லேசான ஈரம்தான், ஆனால் கற்றாழை நாற்றம் மூக்கில் ஏறுகிறது என்றால் தொல்லை நாற்றம். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு.

## அக்குளில் இரண்டு வகைச் சுரப்பிகள்

உடல் முழுக்க 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எக்ரைன் வகை. நெற்றியில் வழிவதும், முதுகில் சட்டையை ஒட்ட வைப்பதும் இவைதான். தண்ணீரும் கொஞ்சம் உப்பும் தரும். ஒவ்வொரு சுரப்பிக்கும் தோலின் மேற்பரப்பில் திறக்கும் தனிக் குழாய் ஒன்று உண்டு.

அக்குளிலும் தொடை இடுக்கிலும் இன்னொரு வகையும் இருக்கிறது: அபோக்ரைன். இது முடிக்காலில் திறக்கும், பருவ வயதில்தான் வேலையைத் தொடங்கும். எட்டு வயதுப் பிள்ளை வெயிலில் ஆடிவிட்டு வந்தாலும் அக்குள் நாறாததும், அதே பிள்ளை பதின்மூன்று வயதில் நாறுவதும் இதனால்தான். அபோக்ரைன் சுரப்பு வெளியே வரும்போது அதற்கு வாடை கிடையாது. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், முக்கியமாக கோரினிபாக்டீரியம் வகையும் சில ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளும், அதைச் சிதைத்து ஆவியாகும் கொழுப்பு அமிலங்களையும் கந்தகச் சேர்மங்களையும் உண்டாக்குகின்றன. நமக்கு எட்டுவது அந்த வாடை.

ஆக, நனைவு எக்ரைன் செய்வது. நாற்றம் அபோக்ரைன் சுரப்பும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்வது. இரண்டு பொருள்களும் பிரிவது இந்த இடத்தில்தான்.

## டியோடரன்ட்

டியோ கை வைப்பது பாக்டீரியாவின் மேல். ஆல்கஹால் அவற்றில் ஒரு பகுதியைக் கொல்லும், சில கூட்டுப்பொருள்கள் மேற்கொண்டு பெருகாமல் தடுக்கும், மிச்ச வாடையை நறுமணம் மூடும். வியர்வை எவ்வளவு வர வேண்டுமோ அவ்வளவும் வரும். சுரப்பியின் வாய் திறந்தே இருக்கும்.

பாடி ஸ்ப்ரே, கேஸ் இல்லாத டியோ என்று விற்பவற்றில் பல பெரும்பாலும் ஆல்கஹாலும் நறுமணமும்தான். சட்டைமேல் அடித்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி: பாக்டீரியா இருப்பது தோலில். துணிமேல் அடித்தால் கிடைப்பது வெறும் வாசனை. ஏற்கெனவே நாற்றம் எழுந்த அக்குளில் அடித்தால் அதுவும் இதுவும் கலந்து மூன்றாவது வாடை ஒன்று பிறக்கும். கூட்டமான பேருந்தில் பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டியோவைக் குளித்துத் துடைத்த சுத்தமான தோலில்தான் போட வேண்டும். ஸ்ப்ரே என்றால் 15 செ.மீ. தள்ளிப் பிடிக்கலாம்.

டியோ நன்றாக வேலை செய்வது வியர்வை மிதமாக இருந்து நாற்றம் மட்டும் தொல்லை தருபவர்களுக்கு. போட்டவுடன் பலன் தெரியும், காலையில் போட்டால் போதும், வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை வருவது குறைவு. மழித்த அன்று மட்டும் ஆல்கஹால் சுரீரென்று எரியும். அன்றிரவு மழித்துவிட்டு மறுநாள் காலை போடுவது நல்லது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று நறுமண ஒவ்வாமை. டியோ போடும் இடத்தில் அரிப்பும் சிவப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியது வாசனைப் பொருளை. "இயற்கை" என்று எழுதியிருப்பதால் ஒவ்வாமை வராது என்றில்லை. செடி எண்ணெய்களும் தோலை உறுத்தும். அலுமினியம் இல்லாத டியோக்கள் சிலவற்றில் சமையல் சோடா சேர்க்கிறார்கள். நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, சோடா காரத்தன்மை உள்ளது. தினமும் தேய்த்தால் சிலருக்கு அக்குள் சிவந்து கருத்துப்போகும். இன்னொரு செலவு டப்பா. ஏரோசோல் டப்பாவின் எடையில் பெரும்பகுதி எளிதில் தீப்பிடிக்கும் வாயு. வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அடுப்பு பக்கத்திலோ, பூஜை விளக்கின் முன்னாலோ அடிக்கக் கூடாது.

டியோ எதுவும் ஒத்து வராமல் நாற்றம் மட்டும் விடாப்பிடியாக இருந்தால், முடியைக் கத்தரித்துச் சிறிதாக்குவதே பாதி வேலையைச் செய்துவிடும். முடியில் சுரப்பும் பாக்டீரியாவும் தங்க இடம் அதிகம்.

## ஆன்டிபெர்ஸ்பிரன்ட்

இதன் உயிர் அலுமினிய உப்பு. மற்றதெல்லாம் வாசனை, கெட்டியாக்கி, தண்ணீர். டப்பாவின் பின்பக்கப் பட்டியலில் அலுமினியம் குளோரோஹைட்ரேட் அல்லது அலுமினியம் ஜிர்கோனியம் என்று தொடங்கும் நீளமான பெயர் இருந்தால் அது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். அலுமினியம் என்ற சொல்லே இல்லையென்றால், முன்பக்கத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் "48 மணி நேரம்" என்று போட்டிருந்தாலும், அது நாற்றத்துக்கான வாக்குறுதிதான்.

அடைப்பு எப்படி உண்டாகிறது

அலுமினிய உப்பு, பூசும் கரைசலில் அமிலத்தன்மையோடு கரைந்த நிலையில் இருக்கும். வியர்வைக் குழாயின் வாய்க்குள் இறங்கியதும் அங்கிருக்கும் வியர்வையோடு கலக்கும். வியர்வையின் அமிலத்தன்மை அதைவிடக் குறைவு. அமிலம் நீர்த்துப்போனதும் அலுமினியத்தால் கரைந்தபடி இருக்க முடியாது. கூழ் போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடாக உறையத் தொடங்கும். வியர்வையில் உள்ள புரதங்களும் அதோடு பின்னிச் சேர்ந்துகொள்ளும். கடைசியில் குழாயின் வாயில் ஒரு மெல்லிய கூழ்த்தக்கை விழுந்துவிடும். சுரப்பி உள்ளே அப்படியே இருக்கிறது, சாகவில்லை. வெளியே வர வழி மட்டும் இல்லை.

தக்கை உட்கார்ந்திருப்பது தோலின் மேலடுக்கில். அந்த அடுக்கோ நாள்தோறும் உதிர்ந்துகொண்டே இருப்பது. அதனால் தக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். பூசுவதை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை பழையபடி வரும். நிரந்தர அடைப்பு என்ற பயம் வேண்டாம். இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால், ஒரே நாளில் முழுப் பலன் கிடைக்காததற்கும் காரணம் புரியும். எல்லாக் குழாய்களிலும் ஒரே இரவில் தக்கை விழாது. தொடர்ந்து ஏழு முதல் பத்து நாள் பூசிய பிறகுதான் நிலையான பலனைப் பார்க்கலாம்.

ஏன் இரவில்

காலையில் குளித்துவிட்டு, மின்விசிறி போட்டும் கழுத்தடியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும்போது ரோல்-ஆனை உருட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உப்பு குழாய்க்குள் இறங்குவதற்கு முன்பே தோல்மேல் இருக்கும் ஈரத்தில் உறைந்துவிடுகிறது. உள்ளிருந்து வரும் வியர்வையும் அதை வெளியே தள்ளுகிறது. தக்கை விழ வேண்டியது குழாய்க்குள்; விழுந்ததோ தோலுக்கு வெளியே. அரை மணியில் அக்குளை விரலால் தேய்த்தால் வெள்ளை வெள்ளையாக, அழிரப்பர் துகள் போல, உருண்டு வரும். அந்தத் துகள்தான் வீணான மருந்து. அது சட்டையிலும் ஏறும்.

இரவில் அக்குள் வியர்வை குறைந்திருக்கும், குழாய்கள் ஏறக்குறைய காலியாக இருக்கும். பூசிய உப்பு தடையில்லாமல் உள்ளே இறங்கி, ஆறேழு மணி நேரம் நிதானமாக உறையும். காலையில் சோப்புப் போட்டுக் குளித்தாலும் மேலே ஒட்டியிருப்பதுதான் போகும். உள்ளே விழுந்த தக்கை அப்படியே இருக்கும். "குளித்தால் போய்விடாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பூசும் விதம்

இரவில் அக்குளைக் கழுவித் துடைத்து, கையைத் தூக்கி மின்விசிறியின் கீழ் ஐந்து பத்து நிமிடம் உலர விடுங்கள். துண்டால் துடைத்தது மட்டும் போதாது. ரோல்-ஆனை ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று முறை உருட்டினால் போதும். தோல் பளபளக்கும் அளவு மெல்லிய பூச்சு. அடை போல அப்பினால் அதிகப் பலன் கிடைக்காது, மிச்சம் தலையணை உறைக்கும் பனியனுக்கும் போகும். நன்றாகக் காய்ந்த பிறகு சட்டை போடுங்கள். மழித்த அன்றிரவு வேண்டாம். காலையில் விருப்பமிருந்தால் அதன் மேலேயே டியோ போட்டுக்கொள்ளலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

இதில்தான் ஏமாற்றம் அதிகம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஆன்டிபெர்ஸ்பிரன்டை மருந்தாகவே கணக்கில் வைத்திருக்கிறது. அதன் 2003ஆம் ஆண்டு விதிப்படி, சுமார் 38 டிகிரி வெப்ப அறையில் ஆட்களை உட்கார வைத்து, அக்குளில் பஞ்சுத் திண்டு வைத்து, அது எவ்வளவு எடை கூடுகிறது என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். சோதித்தவர்களில் பாதிப் பேருக்காவது வியர்வை 20 சதவீதம் குறைந்திருந்தால் அந்தப் பொருள் தேறிவிடும். "கூடுதல் திறன்" என்று எழுத வேண்டுமென்றால் 30 சதவீதம். அதாவது 10 சொட்டு வந்த இடத்தில் 8 சொட்டு வந்தாலே பெயர் வாங்கிவிடலாம். நல்ல பொருளை ஒழுங்காகப் பூசுபவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனாலும் தண்ணீர்க் குழாயைத் திருகி மூடியது போல வியர்வை நின்றுவிடும் என்று எண்ணி வாங்குபவர், நன்றாக வேலை செய்யும் பொருளையும் குப்பையில் போடுவார்.

நாற்றத்துக்கும் இது உதவுமா? உதவும். ஈரம் குறைந்தால் பாக்டீரியா பெருகுவதும் குறையும், அலுமினிய உப்புக்கே பாக்டீரியாவை அடக்கும் தன்மையும் உண்டு. டியோவின் வேலையில் பெரும்பகுதியை ஆன்டிபெர்ஸ்பிரன்ட் செய்துவிடும். ஆன்டிபெர்ஸ்பிரன்டின் வேலையை டியோவால் செய்ய முடியாது. இரண்டு தொல்லையும் உள்ளவர், ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இதையே வாங்கலாம்.

மறைந்திருக்கும் செலவு சட்டையில் தெரியும். வெள்ளைச் சட்டையின் அக்குளில் மஞ்சளாக, தடவினால் அட்டை போல விறைப்பாக ஒரு திட்டு படியும். அலுமினிய உப்பும் வியர்வையும் தோல் எண்ணெயும் துணியில் சேர்ந்து உறைந்தது அது. இரவில் பூசிக் காலையில் குளித்துவிடுபவருக்கு இந்தக் கறை குறைவாக வரும் என்பது இரவுப் பூச்சின் இன்னொரு லாபம்.

## படிகாரம் எந்தப் பக்கம்

சலூனில் முகம் மழித்ததும் தேய்த்துவிடும் அந்தக் கல்லைத்தான் "கிறிஸ்டல் டியோ" என்று அழகான டப்பியில் போட்டு, சமயத்தில் "அலுமினியம் இல்லாதது" என்ற எழுத்தோடும் விற்கிறார்கள். படிகாரம் என்பதே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். பெயரிலேயே அலுமினியம் இருக்கிறது. பாக்டீரியாவை அடக்குவதில் கெட்டிக்காரக் கல்தான். ஈரத் தோலில் தேய்த்தால் நாற்றம் குறையும். வியர்வையைக் குறைப்பதில் அலுமினியம் குளோரோஹைட்ரேட்டுக்குக் கிட்டே நிற்காது. ஆகவே இதை டியோ பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடையில் சில ரூபாய்க்கு வாங்கும் துண்டு மாதக்கணக்கில் வரும். அலுமினியத்துக்குப் பயந்து இதற்கு மாறுபவர்கள் மட்டும் தாங்கள் எதற்கு மாறுகிறோம் என்று தெரிந்துகொண்டால் சரி.

## 20 சதவீத லோஷன்

கடை ரோல்-ஆன் இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பூசியும் சட்டை இடுப்புவரை நனைகிறது என்பவர்களுக்குத் தோல் மருத்துவர் எழுதித் தருவது அலுமினியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட், பெரும்பாலும் 20 சதவீதம்.

இதுதான் பழைய உப்பு. 1888இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வந்த "மம்" என்ற களிம்பு வாடைக்கானது. 1903இல் வந்த "எவர்டிரை" அலுமினியம் குளோரைடைக் கொண்டு வியர்வையையே நிறுத்தப் பார்த்தது. அது தோலை எரித்தது, துணியை அரித்தது. பிற்பாடு அமிலத்தைப் பாதி தணித்துச் செய்த அலுமினியம் குளோரோஹைட்ரேட் வந்து கடைப் பொருள்களில் இடம்பிடித்தது. ஒரு பண்டமாற்று இதில் இருக்கிறது. தணித்த உப்பின் மூலக்கூறுகள் ஏற்கெனவே திரண்டு பெரிதாக இருப்பதால் குழாயின் வாயிலேயே சீக்கிரம் உறைந்துவிடும். தோலுக்கு இதம், தக்கை ஆழமில்லை. தணிக்காத குளோரைடு சின்ன மூலக்கூறு. உறைவதற்கு முன் ஆழமாக இறங்கும். தக்கை உறுதி, எரிச்சலும் உறுதி.

எரிச்சலுக்குக் காரணம் தண்ணீர். அலுமினியம் குளோரைடு ஈரத்தைத் தொட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிறக்கும். ஆகவே எலும்பு போல உலர்ந்த தோலில்தான் பூச வேண்டும். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்க்காற்றில் வைத்து உலர்த்தலாம். படுக்கும்போது பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். முதலில் தொடர்ந்து மூன்று முதல் ஐந்து இரவு. நனைவு அடங்கியதும் வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு போதும். தினமும் பூசிக்கொண்டே போவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மழிப்பதற்கும் பூசுவதற்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு படுங்கள்.

லேசாகக் குறுகுறுத்தால் பூசும் நாள்களை இடைவெளி விட்டுக்கொள்ளலாம். சிவந்து எரிந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள். சில நாள் மென்மையான ஸ்டீராய்டு களிம்பு தருவார்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடிப்பானது என்பதால் இந்த லோஷனுக்கு அங்கே பலன் குறைவு.

## ஒரே பார்வையில்

| பார்க்க வேண்டியது | டியோ | ஆன்டிபெர்ஸ்பிரன்ட் | 20% லோஷன் |
|---|---|---|---|
| நனைவு | குறையாது | ஓரளவு குறையும் | நன்றாகக் குறையும் |
| நாற்றம் | குறையும் | குறையும் | குறையும் |
| பூசும் நேரம் | காலை, குளித்த பின் | இரவு, உலர்ந்த தோலில் | இரவு, முற்றிலும் உலர்ந்த தோலில் |
| பலன் தெரிய | உடனே | 7 முதல் 10 நாள் | 3 முதல் 5 இரவு |
| தோல் தொல்லை | வாசனை ஒவ்வாமை, ஆல்கஹால் எரிச்சல் | எப்போதாவது அரிப்பு | எரிச்சல் அடிக்கடி |
| துணி | தொல்லை குறைவு | மஞ்சள் விறைப்பு | துணியை அரிக்கலாம் |

## இரண்டு பேர், இரண்டு விடை

வங்கியில் காசாளராக இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் மின்சார ரயிலில் வந்து இறங்குகிறார். காலை ஏழு மணிக்குக் குளித்து ஸ்ப்ரே அடித்தவர், ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்காரும்போதே வெளிர்நீலச் சட்டையில் இரண்டு கருநீல வட்டம். நாற்றம் இல்லை, ஆனால் கையைத் தூக்கக் கூசுகிறார். கடற்கரை ஊரின் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். வந்த வியர்வை ஆவியாகாமல் துணியிலேயே நிற்கும். இவருக்கு இன்னொரு ஸ்ப்ரே வாங்கிப் பயனில்லை.

அலுமினியம் குளோரோஹைட்ரேட் உள்ள ரோல்-ஆன் ஒன்றை வாங்கி, ஞாயிறு இரவு தொடங்கி, தினமும் படுக்குமுன் பூசட்டும். முதல் இரண்டு மூன்று நாள் மாற்றம் தெரியாமல் போகலாம். அங்கே விட்டுவிடக் கூடாது. இரண்டாவது ஞாயிறு வந்ததும் வட்டத்தின் அளவைப் பார்க்கட்டும். உள்ளங்கை அகலம் இருந்தது எலுமிச்சை அளவுக்கு வந்திருந்தால் அதுவே அவருக்கான பொருள். இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசிப் பார்க்கலாம். கொஞ்சமும் மாறவில்லையென்றால் முதலில் சட்டையின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைத் துகளோ விறைப்போ இருந்தால் மருந்து தோலுக்கு வெளியே உறைந்திருக்கிறது, அதாவது ஈரத்தில் பூசியிருக்கிறார். உட்புறம் சுத்தமாக இருந்தும் நனைகிறது என்றால் கடைப் பொருளின் எல்லை அதுதான். மருத்துவரிடம் 20 சதவீதம் கேட்கலாம்.

இன்னொருவர் கல்லூரி மாணவர். வியர்வை சாதாரணம்தான். தினம் குளிக்கிறார், டியோவும் போடுகிறார், ஆனாலும் பதினோரு மணிக்கு நாறுகிறது. இவருடைய டியோவைக் குறை சொல்லும் முன் சட்டையைப் பாருங்கள். துவைத்து உலர்ந்த பாலியஸ்டர் சட்டையை இஸ்திரி போடும்போது, அக்குள் பகுதியில் பெட்டி பட்டதும் குப்பென்று வாடை எழுந்தால், நாற்றம் துணியிலேயே தங்கிவிட்டது என்று பொருள். பாலியஸ்டர் தோல் எண்ணெயையும் வாடையையும் பருத்தியைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். புது டியோவும் உடல் சூட்டில் அந்தப் பழைய வாடையிடம் தோற்கும். இவருக்கு வேண்டியது பருத்திச் சட்டையும் சாதாரண டியோவும்தான். ஆன்டிபெர்ஸ்பிரன்ட் தேவைப்படாமலே போகலாம்.

இருவரிலும் சேராதவர்கள் உண்டு. திடீரென்று புதிதாக வியர்க்கத் தொடங்கினால், ஒரு பக்க அக்குள் மட்டும் வியர்த்தால், இரவில் படுக்கை நனையும் அளவு வியர்த்து எடையும் குறைந்தால், எதையும் பூசி மறைக்காமல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, காசநோய் போன்றவை இப்படித் தலைகாட்டும். அக்குளில் வலியோடு கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தாலும் அப்படியே.

## அலுமினியம் என்ற பயம்

மார்பகப் புற்றுநோய் வரும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நோய் வந்த 813 பெண்களையும் வராத 793 பெண்களையும் ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த ஆய்வில், ஆன்டிபெர்ஸ்பிரன்ட் போடுவதற்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. தோல் வழியே உள்ளே போவதும் மிகக் குறைவு. இரண்டே பேரிடம் செய்த சின்னச் சோதனைதான் என்றாலும், 2001இல் அளந்தபோது பூசிய அலுமினியத்தில் 0.012 சதவீதமே உடலில் ஏறியிருந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் நுகர்வோர் பாதுகாப்பு அறிவியல் குழு 2020இல், ஸ்ப்ரே அல்லாத வகைகளில் 6.25 சதவீதம் வரையிலும் ஸ்ப்ரேயில் 10.6 சதவீதம் வரையிலும் அலுமினியம் இருப்பது பாதுகாப்பானதே என்றது.

"நச்சு உள்ளேயே தங்கிவிடுமே" என்பவர்களுக்கு: நச்சை வெளியேற்றுவது சிறுநீரகமும் கல்லீரலும். உடல் சூட்டைத் தணிக்கவும் மற்ற இடங்களின் சுரப்பிகள் தாராளமாகப் போதும்.

நிஜமாகவே கவனிக்க வேண்டியவர்கள் சிறுநீரக நோயாளிகள். உடலில் ஏறும் அலுமினியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால் அவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே பூச வேண்டும். அமெரிக்காவில் டப்பாவிலேயே இந்த எச்சரிக்கை இருக்கும். மார்பகத்தை எக்ஸ்ரே பிடிக்கும் மேமோகிராம் எடுக்கப் போகும் அன்று எதையும் பூசாமல் போங்கள். அக்குளில் ஒட்டியிருக்கும் உப்புத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி போலத் தெரிந்து வீண் பதற்றத்தை உண்டாக்கும்.

## ஏற்கெனவே படிந்த மஞ்சள் கறைக்கு

உறைந்த அலுமினியம் அமிலத்தில் கரையும். ஆகவே சோப்புக்கு முன் அமிலம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலத் தூள், கரைத்து, சட்டையை உட்புறம் வெளியே வரத் திருப்பி, அக்குள் பகுதியை ஒரு மணி நேரம் ஊற விடுங்கள். சாயம் போகுமா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய பல் துலக்கியால் விறைப்பு இளகும்வரை தேய்த்து, அலசி, வழக்கம்போல் சோப்புத்தூளில் துவையுங்கள். கறை போனது உறுதியான பிறகே இஸ்திரி. சூடு பட்டால் மிச்சம் இன்னும் இறுகும். வெள்ளைச் சட்டைதானே என்று குளோரின் பிளீச்சை ஊற்ற வேண்டாம். இந்த மஞ்சள் அதில் இன்னும் மஞ்சளாகும். எலுமிச்சை உப்பு ஊறிக்கொண்டிருக்கும் அதே வாளியில் பிளீச் விழுந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயுவும் கிளம்பும்.